காண்ட்ராக்டர் வேலையை நிறுத்திவிட்டால்: ஒப்பந்தத்தில் 15 நாள், சட்டத்தில் 30 நாள்

ஒத்தக்கடை, திருப்பாலை, நாகமலை புதுக்கோட்டை என்று மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் லிண்டல் வரை எழும்பி அப்படியே நின்றுவிட்ட வீடுகளைப் பார்க்கலாம். தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு துருப்பிடித்திருக்கும். காண்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை, எடுத்தால் இன்னும் பணம் கேட்கிறார். வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொல்வார்கள்: நோட்டீஸ் விடுங்கள்.

குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், வேலை நின்றால் 15 நாள் நோட்டீஸ் கொடுத்து விலக்கலாம் என்று இருக்கிறது. வக்கீலிடம் போனால் 30 நாள் கொடுங்கள் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், நோட்டீஸே வேண்டாம், வேறு ஆளை வைத்து வேலையை முடியுங்கள் என்கிறார். இந்த மூன்றில் எதைப் பின்பற்றுகிறோம் என்பதைப் பொறுத்து, பின்னால் சில லட்சங்கள் திரும்ப வருமா வராதா என்பது மாறும்.

## நோட்டீஸ் இல்லாமல் விலக்கினால் என்ன

காண்ட்ராக்டர் சொன்ன தேதிக்குள் முடிக்கவில்லை என்றால் ஒப்பந்தம் தானாக முறிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 55-ம் பிரிவு ஒரு கேள்வி கேட்கிறது: இந்த ஒப்பந்தத்தில் காலக்கெடு உயிர்நாடியா, இல்லையா? உயிர்நாடி என்றால், தேதி தவறியதும் மறு தரப்பு ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ளலாம். இல்லை என்றால் தாமதத்துக்கு நஷ்டஈடு மட்டும்தான் கேட்க முடியும்.

கல்யாண மண்டபத்துக்குச் சமையல் ஒப்பந்தம் போட்டால் காலக்கெடு உயிர்நாடி. முகூர்த்தம் முடிந்து சாப்பாடு வந்து பயனில்லை. கட்டட வேலையை நீதிமன்றங்கள் பொதுவாக அப்படிப் பார்ப்பதில்லை. ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன் காண்ட்ராக்டர்ஸ் வழக்கில் 1979-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. ஒப்பந்தத்திலேயே காலநீட்டிப்புக்கும் தாமத அபராதத்துக்கும் வழி இருந்தால், ‘காலக்கெடு முக்கியம்’ என்று எழுதியிருந்தாலும் அது வலுவிழக்கிறது. தாமதமாகும் என்று இரு தரப்பும் முன்கூட்டியே எதிர்பார்த்துத்தானே நாளொன்றுக்கு இவ்வளவு என்று அபராதம் எழுதுகிறார்கள்? அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை விலக்க நினைப்பவர், நியாயமான ஒரு புதுக் கெடுவை எழுத்தில் வைத்து, அதற்குள் செய்யாவிட்டால் விலக்குவேன் என்று சொல்லியாக வேண்டும்.

அந்த எழுத்துதான் மீறல் நோட்டீஸ். அதில் தரும் நாட்களே சரிசெய்வதற்கான அவகாசம். அதைத் தாண்டிக் குதித்தால், ஒப்பந்தத்தை மீறியவர் என்ற இடத்துக்கு வீட்டுக்காரரே வந்துவிடுவார்.

## ஒரு வீட்டின் கணக்கு

விஷயம் புரிவதற்காக ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஆட்களும் தொகைகளும் விளக்கத்துக்காக அமைத்தவை, ஆனால் இந்த வட்டாரத்தில் நடக்கிற மாதிரியே அமைத்தவை.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். ஒத்தக்கடை அருகே நாலு சென்ட் மனை, 1,200 சதுர அடி வீடு. மேலூரைச் சேர்ந்த காண்ட்ராக்டரோடு பொருளும் கூலியும் சேர்த்து சதுர அடி 2,200 ரூபாய்க்குப் பேச்சு. மொத்தம் 26,40,000 ரூபாய். பணம் ஆறு தவணை:

1. ஒப்பந்தத்தன்று 10 சதவீதம்: 2,64,000
2. பேஸ்மெண்ட் முடிந்ததும் 20 சதவீதம்: 5,28,000
3. லிண்டல் முடிந்ததும் 20 சதவீதம்: 5,28,000
4. ரூஃப் கான்கிரீட் போட்டதும் 25 சதவீதம்: 6,60,000
5. பூச்சு முடிந்ததும் 15 சதவீதம்: 3,96,000
6. சாவி கொடுக்கும்போது 10 சதவீதம்: 2,64,000

ஜூன் 16-ல் வேலை ஆரம்பம். ஒன்பது மாதத்தில், அதாவது மார்ச் 15-க்குள் முடிக்க வேண்டும் என்பது ஷரத்து 6. தொடர்ந்து 14 நாள் வேலை நின்றால், எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் கொடுத்து, அதற்குள் சரிசெய்யாவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்பது ஷரத்து 9. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் என்பது ஷரத்து 11.

லிண்டல் வரை எல்லாம் சரியாகப் போனது. மூன்று தவணையும் கொடுத்தாகிவிட்டது, 13,20,000 ரூபாய். அப்புறம், ரூஃபுக்குக் கம்பி இறக்க வேண்டும் என்று கேட்டதால் நாலாவது தவணையில் கழித்துக்கொள்ளும்படி 2,00,000 ரூபாய் முன்பணமும் கொடுத்திருக்கிறார். ஆக 15,20,000. டிசம்பர் 3-ம் தேதிக்குப் பிறகு ஒரு கொத்தனார்கூட வரவில்லை. கேட்டால், “டீச்சர், கம்பி விலை ஏறிப்போச்சு, இன்னும் மூணு லட்சம் போட்டாத்தான் சென்ட்ரிங் அடிக்க முடியும்” என்கிறார். ஆசிரியை சொன்ன பதில், “ரூஃபுக்குன்னு வாங்கின ரெண்டு லட்சத்துக்கு முதல்ல கம்பியைக் காட்டுங்க தம்பி.” அதோடு பேச்சு நின்றது.

## எந்த ஷரத்தைச் சுட்டுவது

பலரும் சறுக்கும் இடம் இது. ஜனவரி 5-ம் தேதி நோட்டீஸ் எழுத உட்காரும் ஆசிரியைக்கு முதலில் தோன்றுவது ஷரத்து 6. ஒன்பது மாதத்தில் முடிப்பேன் என்றாயே, ஏழு மாதம் ஆகப்போகிறது, பாதி வேலைகூட ஆகவில்லையே என்று எழுதத் தோன்றும். ஆனால் ஜனவரி 5-ம் தேதி அந்த ஷரத்து இன்னும் மீறப்படவில்லை. மார்ச் 15 வரை காலம் இருக்கிறது. அதைச் சுட்டி நோட்டீஸ் அனுப்பினால், ‘எனக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது, நீங்கள் அவசரப்படுகிறீர்கள்’ என்ற பதில் வரும். அந்தப் பதில் சட்டப்படி சரியாகவும் இருக்கும்.

இன்றைக்கு மீறப்பட்டிருப்பது ஷரத்து 9. டிசம்பர் 3-லிருந்து 33 நாளாக வேலை நின்றிருக்கிறது, ஒப்பந்தம் பொறுத்துக்கொள்வது 14 நாள். இதை நிரூபிக்கவும் எளிது. ஆகவே நோட்டீஸின் முதுகெலும்பு ஷரத்து 9-ஆக இருக்க வேண்டும். மார்ச் 15-க்குள் முடிக்கும் வேகத்தில் வேலை இல்லை என்பதைத் துணை வாக்கியமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதே காரணத்துக்காக, ‘வேலை திருப்தியாக இல்லை’, ‘ஏமாற்றிவிட்டார்’ போன்ற வாக்கியங்களைத் தவிர்ப்பது நல்லது. எந்த நாளில், எந்த ஷரத்துக்கு மாறாக, எது செய்யப்படவில்லை என்று சொல்லும் வாக்கியத்துக்கே சரிசெய்ய முடிகிற உள்ளடக்கம் உண்டு. சரிசெய்ய என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவகாசம் கொடுத்தால், அவகாசம் கொடுத்ததாகவே ஆகாது.

## 15-ம் 30-ம் எப்படி மோதுகின்றன

ஒப்பந்தம் 15 நாள் என்கிறது. அதை வைத்து ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், அது உண்மைதான். ஆனால் ஆசிரியைக்கு ரத்து மட்டும் போதாது. வேறு காண்ட்ராக்டரை வைத்து வீட்டை முடிக்க வேண்டும், அதனால் கூடும் செலவைப் பழைய காண்ட்ராக்டரிடமிருந்து வாங்கவும் வேண்டும். இது தனி உரிமை. இதற்குத் தனி விதி இருக்கிறது.

1963-ம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தில் 2018-ல் பெரிய திருத்தம் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மாற்றி எழுதப்பட்ட 20-ம் பிரிவு, ஒப்பந்தம் மீறப்பட்டவர் அந்த வேலையை வேறொருவரை வைத்தோ தானேயோ செய்து முடித்து, உண்மையில் ஆன செலவை மீறியவரிடம் வசூலிக்கலாம் என்கிறது. மாற்று ஆள் மூலம் நிறைவேற்றுதல் என்று இதைச் சொல்லலாம். இதற்கு இரண்டு நிபந்தனைகள்.

முதலாவது, மீறியவருக்கு 30 நாளுக்குக் குறையாத எழுத்து நோட்டீஸ் கொடுத்து, அதில் குறித்த காலத்துக்குள் வேலையைச் செய்யும்படி கேட்டிருக்க வேண்டும். அவர் மறுத்தாலோ செய்யத் தவறினாலோதான் வேறு ஆளை இறக்கலாம். இரண்டாவது, வேலையை உண்மையில் செய்து முடித்திருந்தால்தான் இந்தப் பிரிவின்கீழ் செலவைக் கேட்க முடியும். இன்னொரு காண்ட்ராக்டர் கொடுத்த கொட்டேஷனை மட்டும் காட்டி வாங்க முடியாது.

இந்தப் பிரிவிலேயே ‘தரப்பினர் வேறுவிதமாக ஒத்துக்கொண்டிருந்தாலன்றி’ என்று ஒரு வார்த்தைத் தொடர் இருக்கிறது. அப்படியென்றால் எங்கள் ஒப்பந்தத்தின் 15 நாள் போதும் என்று வாதிடலாமே என்று தோன்றும். வாதிடலாம். ஆனால் ஆசிரியையின் ஷரத்து 9 பேசுவது ரத்து செய்வதைப் பற்றி. மாற்று ஆளை வைத்துச் செலவை வசூலிப்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. சில லட்ச ரூபாயை அந்த வாதத்தின் மேல் பந்தயம் கட்ட வேண்டிய தேவையே கிடையாது. கூடுதலாக 15 நாள் பொறுத்தால் இரண்டு கதவும் திறந்திருக்கும். என் பரிந்துரை இதுதான்: ஒப்பந்தத்தில் 7 நாள் இருந்தாலும் 15 நாள் இருந்தாலும் 30 நாள் கொடுங்கள். 45 நாள் என்று இருந்தால் 45 கொடுங்கள், இரண்டில் எது கூடுதலோ அது.

நம் ஊர் நிலவரத்திலிருந்தும் ஒரு காரணம் இருக்கிறது. ஜனவரி 7-ம் தேதி கைக்குக் கிடைக்கும் நோட்டீஸின் 15 நாள், 22-ம் தேதியோடு முடிகிறது. நடுவில் பொங்கல். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நாட்களில் இந்தப் பக்கம் சென்ட்ரிங் ஆளும் கம்பி கட்டும் ஆளும் கிடைப்பது கடினம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த 15 நாளை நியாயமான அவகாசம் என்று நிரூபிப்பது சிரமம். 30 நாள் என்றால் அந்தக் கேள்வி எழாது.

நாளை எண்ணும் முறையையும் கவனிக்க வேண்டும். நோட்டீஸ் தேதியிலிருந்து எண்ணக் கூடாது, கிடைத்த நாளையும் சேர்க்கக் கூடாது. ஜனவரி 7-ல் கிடைத்தால் 8-ம் தேதி முதல் நாள், பிப்ரவரி 6 முப்பதாவது நாள். எழுதும்போது எந்த நாளில் கிடைக்கும் என்று தெரியாதல்லவா? அதனால் ‘பிப்ரவரி 16, அல்லது இது கிடைத்த நாளைத் தவிர்த்து முழுமையாக 30 நாள், இரண்டில் எது பிந்தையதோ அது’ என்று எழுதிவிட்டால், தபால் தாமதமானாலும் கணக்கு உடையாது.

## அனுப்பும் முன் நம் பக்கம்

ஒப்பந்தச் சட்டத்தின் 53-ம் பிரிவு, ஒரு தரப்பு மறு தரப்பை வேலை செய்யவிடாமல் தடுத்தால், தடுக்கப்பட்டவர் ஒப்பந்தத்தை விலக்கிக்கொண்டு நஷ்டஈடும் கேட்கலாம் என்கிறது. கோபத்தில் “இனிமே இந்தப் பக்கம் வராதே” என்று வாட்ஸாப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தால், அல்லது மனைக்குப் புதுப் பூட்டு போட்டிருந்தால், காண்ட்ராக்டரின் வக்கீல் அதிலிருந்துதான் தொடங்குவார். அப்படி ஏதாவது நடந்திருந்தால், மனை திறந்திருக்கிறது, சாவி இன்னாரிடம் இருக்கிறது, வேலைக்கு வரத் தடையில்லை என்பதை நோட்டீஸிலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும்.

பணப் பாக்கியும் அப்படித்தான். தவணை முடிந்தும் பணம் கொடுக்காமல் வைத்திருந்தால், வேலை நின்றதற்குக் காரணம் நீங்கள் என்றாகிவிடும். ஆசிரியை மூன்று தவணையையும் வங்கி வழியாகக் கொடுத்திருக்கிறார், அது பலம். ஒரே ஒரு சிக்கல்: ஒப்பந்தத்தில் இல்லாத வெளிப்புறக் கழிப்பறை ஒன்றைப் பாதியில் கட்டச் சொன்னார். காண்ட்ராக்டர் கட்டியும் கொடுத்தார். அதற்கு 45,000 ரூபாய் என்று வாய்வார்த்தையாகப் பேசியது இன்னும் கொடுபடவில்லை. இதை மறைத்து நோட்டீஸ் எழுதினால், பதில் நோட்டீஸில் அதுவே பெரிதாக வந்து நிற்கும். நாமே குறிப்பிட்டு, ரூஃப் தவணையோடு தருகிறேன் என்று எழுதிவிட்டால் அந்த ஆயுதம் அவர் கையில் இருக்காது.

காலநீட்டிப்பு விஷயமும் உண்டு. ‘பரவாயில்லை, பொங்கல் கழித்து வாங்க’ என்று நாமே செய்தி அனுப்பியிருந்தால், 63-ம் பிரிவின்படி அது நாம் கொடுத்த நீட்டிப்பு. அந்தத் தேதி முடிந்த பிறகே மீறல் கணக்கைத் தொடங்க முடியும்.

## நோட்டீஸில் இருக்க வேண்டியவை

வக்கீல் மூலமாகத்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வீட்டுக்காரரே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பலாம். கணவன் மனைவி இருவர் பேரிலும் ஒப்பந்தம் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். பெறுநர் இடத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் பேர் வர வேண்டும். வேலையிடத்தில் தினமும் நின்றது அவருடைய மச்சானாக இருக்கலாம், ஆனால் நோட்டீஸ் மச்சானுக்குப் போனால் பயனில்லை.

வரிசை இப்படி இருக்கலாம்:

1. ஒப்பந்தத்தின் தேதி, தரப்பினர், மனையின் விவரம், மொத்தத் தொகை.
2. இதுவரை கொடுத்த பணம், தேதி வாரியாக. இதுவரை முடிந்த வேலை.
3. மீறப்பட்ட ஷரத்து. அதன் வாசகத்தை அப்படியே எடுத்தெழுத வேண்டும், சுருக்கிச் சொல்லக் கூடாது.
4. மீறல் நடந்த விதம்: வேலை நின்ற தேதி, கழிந்த நாட்கள்.
5. எதைச் செய்தால் மீறல் தீரும் என்பது.
6. அவகாசம்.
7. செய்யத் தவறினால் எடுக்கப்போகும் நடவடிக்கை.

ஐந்தாவது அம்சத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக யோசனை தேவை. 30 நாளில் வீட்டையே முடி என்று கேட்டால் அது முடியாத காரியம், அவகாசமும் பேருக்குத்தான் என்று ஆகிவிடும். வேலையைத் தொடங்கு என்று மட்டும் கேட்டால், ஒரு கொத்தனாரும் சித்தாளும் இரண்டு நாள் வந்து நாலு செங்கல்லை வைத்துவிட்டுப் போவார்கள், சரிசெய்தாகிவிட்டது என்பார்கள். நடுவில் அளக்கக்கூடிய ஓர் இலக்கு வேண்டும். 1,200 சதுர அடிக்கு சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்ட, ஆள் ஒழுங்காக வந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் போதும். கான்கிரீட் ஒரு நாள். ஆகவே 30 நாளில் ரூஃப் என்பது கேட்கத் தகுந்தது. அந்தப் பகுதியின் வாசகம் இப்படி அமையலாம்:

> “மேற்படி ஒப்பந்தத்தின் ஷரத்து 9-க்கு மாறாக, டிசம்பர் 4-ம் தேதி முதல் இன்றுவரை தொடர்ந்து 33 நாட்கள் தாங்கள் வேலையை நிறுத்தி வைத்துள்ளீர்கள். இந்த மீறலைச் சரிசெய்ய, இந்நோட்டீஸ் கிடைத்த 10 நாட்களுக்குள் வேலையை மீண்டும் தொடங்கி, ரூஃபுக்கான கம்பியை மனையில் இறக்கவும், பிப்ரவரி 16-ம் தேதிக்குள், அல்லது இந்நோட்டீஸ் கிடைத்த நாளைத் தவிர்த்து முழுமையாக 30 நாட்களுக்குள், இரண்டில் எது பிந்தையதோ அதற்குள், ஒப்பந்த அளவுப்படி ரூஃப் கான்கிரீட் போட்டு முடிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். மனை தங்கள் வேலைக்குத் திறந்தே உள்ளது. ஒப்பந்தத்துக்கு வெளியே கட்டிய கழிப்பறைக்கான 45,000 ரூபாயை, ரூஃப் தவணையோடு சேர்த்துத் தரத் தயாராக உள்ளேன். இதற்கெல்லாம் இதுவே காலக்கெடு என்பதையும், இந்தக் கெடு ஒப்பந்தத்தின் உயிர்நாடியானது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். தவறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்து, மீதி வேலையை வேறொருவரைக் கொண்டு முடித்து, அதனால் ஆகும் கூடுதல் செலவைத் தங்களிடமிருந்து வசூலிக்க நடவடிக்கை எடுப்பேன்.”

இந்தக் கடிதத்திலேயே ‘ஒப்பந்தத்தை இத்துடன் ரத்து செய்கிறேன்’ என்று எழுதிவிடக் கூடாது. செய்யச் சொல்வதும் ரத்து செய்வதும் ஒரே கடிதத்தில் இருந்தால் ஒன்றை ஒன்று வெட்டும். ரத்து என்பது, கெடு முடிந்த பிறகு போகிற இரண்டாவது கடிதம். போலீஸ் கேஸ் போடுவேன் என்ற மிரட்டலும் இதில் வேண்டாம். வேலை நின்றது பெரும்பாலும் சிவில் விஷயம். அந்த வரி நோட்டீஸுக்குப் பலம் சேர்ப்பதில்லை.

## எப்படி அனுப்புவது

ஒப்பந்தத்தில் நோட்டீஸ் எந்த முகவரிக்கு, எந்த வழியில் என்று இருந்தால் அப்படியே செய்ய வேண்டும். பழைய ஒப்பந்தங்களில் ‘ரிஜிஸ்டர் தபால்’ என்றிருக்கும். 2025-ல் அஞ்சல் துறை பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டது. இப்போது ஸ்பீடு போஸ்டில் பதிவு வசதியைக் கேட்டு வாங்கி, கொடுத்ததற்கான அத்தாட்சியையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ரசீது, கண்காணிப்பு எண், அனுப்பிய நோட்டீஸின் பிரதி மூன்றையும் ஒன்றாகப் பின் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே பி.டி.எஃப். ஆக வாட்ஸாப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்பலாம். அது தபாலுக்குத் துணைதான், மாற்றாகாது.

கவர் ‘வாங்க மறுப்பு’ என்று திரும்பினால் பதற வேண்டாம். சரியான முகவரிக்கு முறையாக அனுப்பி, அவர் வேண்டுமென்றே வாங்க மறுத்தால், கிடைத்ததாகவே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஒன்று மட்டும் முக்கியம்: திரும்பி வந்த கவரைப் பிரிக்காதீர்கள். அஞ்சல்காரரின் குறிப்போடு அப்படியே இருந்தால்தான் அது சாட்சி.

## அந்த 30 நாளில்

காண்ட்ராக்டர் முழுதாக வந்து வேலையை முடித்தால் நல்லது, ஒப்பந்தம் பழையபடி தொடரும். மௌனமாக இருந்தால் கெடு வரை பொறுக்கலாம். சிக்கலானது இடைப்பட்ட நிலை. நம் உதாரணத்தில் ஜனவரி 28-ல் இரண்டு பேர் வந்தார்கள், இரண்டு நாள் சென்ட்ரிங் பலகையை அடுக்கினார்கள், போய்விட்டார்கள். அன்றன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, போட்டோவும் எடுத்து வைத்துக்கொண்டால், பிப்ரவரி 16-ம் தேதி ரூஃப் இல்லை என்பது மட்டுமே பேசும். ஆட்களைத் திருப்பி அனுப்பவும் கூடாது, வந்துவிட்டார்கள் என்று கெடுவை நாமே நீட்டிச் செய்தி அனுப்பவும் கூடாது.

பதில் நோட்டீஸ் வந்தால் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் சுருக்கமாக, தேதியோடு பதில் கொடுக்க வேண்டும். பதில் சொல்லாமல் விட்ட வரியை, ஒத்துக்கொண்டதாகப் பின்னால் காட்டுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. மீறலால் வரும் நஷ்டத்தைக் குறைக்கத் தன்னால் ஆனதை வீட்டுக்காரர் செய்தாரா என்பதையும் ஒப்பந்தச் சட்டத்தின் 73-ம் பிரிவு கணக்கில் எடுக்கச் சொல்கிறது. தூண் கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் பூசி வைப்பது, இறக்கிய சிமெண்ட் மூட்டைகளை நனையாமல் மூடுவது போன்ற சின்னக் காரியங்கள் அந்த வகை. அந்தச் செலவு ரசீதையும் சேர்த்து வையுங்கள்.

## கெடு முடிந்ததும்

பிப்ரவரி 18-ல் இரண்டாவது கடிதம் போகிறது. கெடு முடிந்தது, வேலை நடக்கவில்லை, ஷரத்து 9-ன்படி ஒப்பந்தம் ரத்து. இதோடு ஒரு அழைப்பும்: பிப்ரவரி 25-ம் தேதி காலை பத்து மணிக்கு மனையில் முடிந்த வேலையை ஒரு பொறியாளர் அளக்கிறார், தாங்களும் வரலாம். அவர் வந்தாலும் வராவிட்டாலும் அளந்து, அறிக்கையும் போட்டோவும் தயாராகிவிட வேண்டும். புது ஆள் ஒரு செங்கல் வைத்துவிட்டால்கூட, பழையவர் எதுவரை செய்தார் என்பதைப் பிறகு பிரிக்க முடியாது. தகராறு முற்றினால், நீதிமன்றத்தில் மனு போட்டு வக்கீல் ஆணையரை வைத்துப் பார்வையிடச் செய்வதும் உண்டு.

பிறகு புது காண்ட்ராக்டர். அவர் மீதி வேலைக்கு 15,80,000 ரூபாய்க்கு ஒத்துக்கொள்கிறார். கணக்கு இப்படி ஆகிறது. பழைய ஒப்பந்தப்படி ஆசிரியை இன்னும் கொடுக்க வேண்டியிருந்தது 26,40,000-ல் 15,20,000 போக 11,20,000. இப்போது ஆவது 15,80,000. கூடுதல் 4,60,000. இதில் 2,00,000 வேலை செய்யாமல் வைத்துக்கொண்ட முன்பணம், 2,60,000 விலை வித்தியாசம். கழிப்பறைக்குக் கொடுக்க வேண்டிய 45,000-ஐக் கழித்தால் கேட்கக்கூடியது 4,15,000.

இந்தத் தொகை நிற்க வேண்டுமானால் புது வேலையும் பழைய தரத்திலேயே இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் சாதா டைல்ஸ் இருந்து, புதிதாக கிரானைட் போட்டால், அந்த வித்தியாசம் நம் செலவு.

தாமத அபராதத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். வீடு ஜூலை 15-ல் முடிந்தால் மார்ச் 15-க்குப் பிறகு 122 நாள், நாளொன்றுக்கு 500 என்றால் 61,000. ஆனால் 74-ம் பிரிவின்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்ச வரம்பு மட்டுமே, அதற்குள் நியாயமானது எதுவோ அதுவே கிடைக்கும். நாலு மாத வாடகை, மாதம் 9,000 வீதம் 36,000 கொடுத்ததற்கு ரசீது இருந்தால் அந்த அளவுக்கு உறுதியான பிடி இருக்கிறது. அபராதத்தையும் வாடகையையும் இரண்டாகச் சேர்த்துக் கேட்டால் ஒரே நஷ்டத்தை இரண்டு தடவை கேட்டதாகும். ஒப்பந்தம் ரத்தான பிறகும் அந்த 500 ஓடுமா என்பது ஷரத்து 11-ன் வாசகத்தைப் பொறுத்தது.

## எங்கே போவது

ஒப்பந்தத்தில் நடுவர் மன்ற ஷரத்து இருந்தால், சிவில் வழக்குக்குப் பதில் அந்த வழி. இல்லையென்றால் மூன்று ஆண்டுக்குள் சிவில் நீதிமன்றம். சொந்தமாகக் குடியிருக்க வீடு கட்டுபவருக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் உண்டு. வீடு கட்டித்தருவது 2019-ம் ஆண்டு சட்டப்படி சேவை. கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும், புகாருக்கான காலம் இரண்டு ஆண்டு. நடுவர் ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை.

எழுத்தில் ஒப்பந்தமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள், சதுர அடி ரேட் எழுதிய ஒரு துண்டுத் தாளும் வங்கிப் பரிமாற்றமும் மட்டும் கையில் இருக்கும். அவர்களுக்குச் சுட்ட ஷரத்து கிடையாது, ஆனால் வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். காலம் பேசாத இடத்தில் நியாயமான காலத்துக்குள் செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 46-ம் பிரிவு. அந்தத் துண்டுத் தாளில் உள்ள ரேட்டையும், கொடுத்த பணத்தையும், வேலை நின்ற தேதியையும் எடுத்தெழுதி, அதே 30 நாள் நோட்டீஸை அவர்களும் அனுப்பலாம்.